மூன்று வாள் வந்துவிட்டால் முடிந்துவிட்டதா?

படச் சீட்டுகளை எடுத்துப் பலன் பார்க்கிற டாரட்டில் காதலைப் பற்றிக் கேட்டு, த்ரீ ஆஃப் ஸ்வார்ட்ஸ் என்கிற மூன்று வாள் சீட்டு வந்துவிட்டால் அந்த உறவு முடிந்தது என்று நம்புகிறவர்களோடு எனக்கு ஒரு பழைய தகராறு உண்டு. சீட்டே பொய், தூக்கிப் போடு என்று சொல்கிற ஆள் இல்லை நான். பல வருடங்களாக அலமாரியில் ஒரு சீட்டுக் கட்டு வைத்திருக்கிறேன், எனக்காகவும் எடுப்பேன், நெருங்கியவர்கள் கேட்டால் அவர்களுக்காகவும் எடுப்பேன். ஆனால் அந்த ஒரு சீட்டைக் கண்டதும் மனிதர்கள் மாறுகிற விதம் இருக்கிறதே, அது என்னை இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் தீர்ப்பு கேட்ட மாதிரி அமைதியாகிவிடுவார்கள். அதற்குப் பிறகு அவர்கள் செய்வதெல்லாம் அந்தத் தீர்ப்பை நிறைவேற்றுகிற வேலைதான்.

என்னோடு முன்பு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த பெண் ஒருத்தி, என்னைவிடச் சின்னவள். கோயம்புத்தூரில் இருக்கிறாள். அவள் காதலித்த பையன் வேலைக்காக ஜெர்மனி போயிருந்தான். காசு கொடுத்து ஆன்லைனில் ஒருவரிடம் ரீடிங் பார்த்திருக்கிறாள். இரவு போன் செய்து, "அக்கா, அந்தச் சீட்டு வந்துடுச்சு" என்றாள். எந்தச் சீட்டு என்று சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை. அந்த ரீடர் அவளிடம் சொன்னது ரொம்பச் சுருக்கம்: இதயம் உடையும், மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார், தயாராக இரு. மேற்கொண்டு தெரிந்துகொள்ள இன்னொரு அமர்வு, அதற்குத் தனிக் கட்டணம்.

மூன்றாவது ஆள் எங்கிருந்து வந்தார் என்று எனக்குப் புரிகிறது. வாள் மூன்று, அதனால் ஆள் மூன்று. இந்தக் கணக்கு இணையம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. சீட்டில் அப்படி எதுவும் இல்லை.

படத்தில் இருப்பது என்ன

இன்று நம்மில் பெரும்பாலோர் பயன்படுத்துவது 1909இல் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்ட கட்டின் வழி வந்தவைதான். ஆர்தர் எட்வர்ட் வெய்ட் சொல்ல, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். "பெரிய வேலை ஒன்றை மிகக் குறைந்த காசுக்கு முடித்திருக்கிறேன்" என்று அந்தச் சமயத்தில் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார் பமீலா. நூறு வருடத்துக்கும் மேலாக உலகம் முழுக்க மனிதர்களை அழவைக்கிற படத்துக்கு அவருக்குக் கிடைத்த கூலி அவ்வளவுதான். அவருக்கு முன்பு, பழைய மார்செய் வகைக் கட்டுகளில் இந்தச் சீட்டில் வெறும் மூன்று வாள்களும் சுற்றிலும் கொஞ்சம் கொடி இலை அலங்காரமும்தான் இருக்கும், இதயம் கிடையாது. பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில் செய்யப்பட்ட சோலா புஸ்கா என்கிற கட்டில் மட்டும் வாள்கள் துளைத்த இதயம் உண்டு. அதன் புகைப்படங்கள் 1907இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தன, பமீலா அங்கேதான் அதைப் பார்த்திருக்க வேண்டும் என்பது பலருடைய கருத்து. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

இந்த வரலாற்றை அவளிடம் அந்த இரவு சொல்லவில்லை, அழுகிறவளிடம் மியூசியம் பற்றிப் பேச முடியாது. படத்தில் என்ன தெரிகிறது என்று மட்டும் சொல்லச் சொன்னேன். அர்த்தம் வேண்டாம், தெரிவதை மட்டும் சொல். சிவப்பு இதயம், மூன்று வாள், பின்னால் சாம்பல் நிற மேகம், மழை. அவ்வளவுதான். யார் குத்தினது என்று கேட்டேன். கையே இல்லை. ரத்தம் இருக்கிறதா? இல்லை. இதயம் இரண்டாகப் பிளந்திருக்கிறதா? இல்லை, முழுதாகத்தான் இருக்கிறது. எப்போது நடந்தது? அதுவும் தெரியவில்லை. மனித உருவமே இல்லாத சீட்டு அது. ஆகவே வலி இருக்கிறது என்பதைச் சொல்கிறது. யாரால், எப்போது, இனி என்ன ஆகும் என்ற மூன்றையும் பார்க்கிறவர்தான் கொண்டுவந்து நிரப்புகிறார். பயந்தவர் பயத்தால் நிரப்புவார், இன்னொரு அமர்வு விற்க வேண்டியவர் அதற்குத் தகுந்த மாதிரி நிரப்புவார்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு, அதுவும் எனக்குப் பிடிக்காது. கடுமையான சீட்டு வந்ததும் உடனே சர்க்கரை பூசுகிறவர்கள். மரணம் என்றால் மாற்றம், டவர் என்றால் விடுதலை, மூன்று வாள் என்றால் மனம் குணமாகப் போகிறது, எல்லாம் நன்மைக்கே. அப்படிச் சொன்னால் அந்தக் கட்டில் 78 சீட்டு எதற்கு, ஒன்று போதுமே. மூன்று வாள் வலியைத்தான் காட்டுகிறது. வெய்ட்டும் பமீலாவும் இருந்த கோல்டன் டான் என்கிற மறைஞானச் சங்கத்தினர் அதற்கு வைத்த பெயரே துயரத்தின் அதிபதி. அதை வலி என்றே ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் வலியும் முடிவும் ஒன்றில்லை.

எந்த இடத்தில் விழுந்தது?

அன்று பேச்சு திரும்பியது ஒரு சாதாரணக் கேள்வியில். அந்தச் சீட்டு எந்த இடத்தில் விழுந்தது என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. மூன்று சீட்டு வைத்தார்கள், கடைசியில் இது வந்தது, அவ்வளவுதான் ஞாபகம். மற்ற இரண்டும் என்ன? "ஏதோ கப், ஏதோ காயின், அதெல்லாம் பார்க்கலைக்கா." கடுமையான சீட்டு செய்கிற முதல் சேதம் இதுதான். அது பக்கத்துச் சீட்டுகளையும் வைத்த கேள்வியையும் அழித்துவிட்டுத் தான் மட்டும் நிற்கும்.

நல்லவேளை, ரீடர் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கீழே இடங்களின் பெயரும் எழுதியிருந்தது. முதல் இடம் நீ, இரண்டாவது அவர், மூன்றாவது உங்களுக்கு நடுவில். எதிர்காலம் என்ற இடமே அந்தச் சீட்டு வரிசையில் கிடையாது. வைத்த இடங்கள் நிகழ்காலத்தைப் பற்றி, வந்த பதிலும் நிகழ்காலத்தைப் பற்றி. சொன்னது மட்டும் எதிர்காலத்தை.

இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் டாரட்டில் பாதி வேலை இடத்தில்தான் இருக்கிறது. பத்துச் சீட்டு வைக்கிற செல்டிக் கிராஸில் ஒன்பதாவது இடத்துக்குப் பெயர் நம்பிக்கைகளும் அச்சங்களும். அங்கே மூன்று வாள் விழுந்தால், கேட்கிறவர் இதயம் உடைவதை நினைத்துப் பயந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம், அது யாரும் பார்க்காமலே சொல்லக்கூடியது. கடந்தகால இடத்தில் விழுந்தால் பழைய காயம். குறுக்கே நிற்கும் இரண்டாவது இடத்தில் விழுந்தால், அந்தப் பழைய காயம் இப்போதைய உறவுக்குத் தடையாக இருக்கிறதா என்று கேட்கலாம். ஒரே சீட்டு, மூன்று இடம், மூன்று வேறு பேச்சு. இடத்தைச் சொல்லாமல் சீட்டை மட்டும் ஒருவர் சொன்னால் அவர் பாதி வாக்கியம்தான் சொல்கிறார்.

சரி, மற்ற இரண்டு சீட்டு என்ன என்று பார்த்தோம். அவள் இடத்தில் கோப்பை நான்கு. மரத்தடியில் ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், முன்னால் மூன்று கோப்பை, மேகத்திலிருந்து ஒரு கை நான்காவது கோப்பையை நீட்டுகிறது, அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பையன் இடத்தில் நாணயம் எட்டு. பட்டறைப் பலகையில் குனிந்து உட்கார்ந்து ஒருவன் நாணயங்களைச் செதுக்கிக்கொண்டிருக்கிறான், ஊர் தூரத்தில் பின்னால் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மூன்று வாள். டாரட்டில் வாள் வரிசை காற்றைச் சேர்ந்தது, அதாவது எண்ணமும் பேச்சும். கோப்பை வரிசைதான் உணர்ச்சிக்கு.

இப்போது வெய்ட் தன் புத்தகத்தில் இந்தச் சீட்டுக்குத் தந்திருக்கும் பட்டியலைப் பார்க்கலாம். அகற்றல், இல்லாமை, தாமதம், பிரிவு, முறிவு, சிதறல். அவற்றோடு, படமே இயல்பாகச் சொல்கிற எல்லாமும் என்று சேர்த்துவிட்டு, அது தெளிவாகவே இருப்பதால் தனித்தனியாக விளக்கவில்லை என்று முடித்துக்கொள்கிறார். முறிவு அதில் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பட்டியலில் முதலில் வருகிறவை எவை என்று பாருங்கள். அவன் இடம் மாறிப் போய்விட்டான், அவன் இல்லாமை தினமும் இருக்கிறது, குளிர்காலத்தில் நாலரை மணிநேர வித்தியாசத்தில் அவளுடைய ஒவ்வொரு செய்திக்கும் பதில் தாமதமாகத்தான் வருகிறது. இதெல்லாம் சீட்டு எடுப்பதற்கு முன்பே நடந்து முடிந்த விஷயங்கள். சீட்டு இனி வரப்போகும் ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டிய கட்டாயமே இல்லை, இருப்பதைச் சொன்னாலே அதன் வேலை முடிந்தது.

"அப்போ அவன் வேலையே கதின்னு இருக்கான், நான் கையைக் கட்டிக்கிட்டு உம்முன்னு இருக்கேன், ரெண்டு பேரும் சொல்ல வேண்டியதைச் சொல்லலை, அப்படித்தானே அக்கா?" என்று அவளே கேட்டாள். அப்படி இருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள், அவன் ஒப்பந்தத்தை இன்னும் நீட்டிக்கப் போவதாக அவனுடைய தங்கை மூலம் தெரிந்தது, அவன் சொல்லவில்லை, தெரியும் என்று இவளும் காட்டிக்கொள்ளவில்லை. மாதக்கணக்கில். இதற்கு மூன்றாவது ஆள் எதற்கு?

ஜாதகம் பார்க்கிற கண்ணால் டாரட் பார்ப்பது

நம் ஊரில் இந்தச் சீட்டுகளுக்கு இவ்வளவு பயம் ஏன் என்று யோசித்தால், நாம் டாரட்டை ஜாதகம் மாதிரி பார்க்கப் பழகிவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜாதகக் கட்டம் பிறந்த நேரத்தை வைத்துக் கணித்தது. யாரிடம் கொண்டுபோனாலும், எந்தக் கிழமை பார்த்தாலும், செவ்வாய் இருக்கிற இடத்தில்தான் இருக்கும், பலன் சொல்வதில் ஆளுக்கு ஆள் வேறுபடலாம். அதை ஒருவர் விதி என்று எடுத்துக்கொண்டால் அந்த முறைக்குள் அதற்கு ஒரு நியாயமாவது இருக்கிறது. டாரட் கட்டைக் கலைத்துத்தானே எடுக்கிறோம்? அதே கேள்வி, அதே ஆள், பத்து நிமிடம் கழித்து எடுத்தால் வேறு சீட்டு வரும். இந்த வகையில் அது கிளி ஜோசியத்துக்குத்தான் பக்கம், மறுபடி எடுக்கச் சொன்னால் கிளியும் வேறு சீட்டைத்தான் கொண்டுவரும். கலைத்தால் மாறுகிற ஒன்றை மாறாத விதி என்று சொல்ல, அந்த முறைக்குள்ளேயே இடமில்லை.

இன்னொன்று, கடுமையான சீட்டு வருவது அபூர்வம் என்று நினைக்கிறோம். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். காதல் ரீடிங்கில் வந்தால் முகம் சுளிக்கிற சீட்டுகள் என்று ஒரு பத்தை எடுத்துக்கொள்வோம்: வாளில் மூன்று, ஐந்து, எட்டு, ஒன்பது, பத்து, கோப்பையில் ஐந்து, நாணயத்தில் ஐந்து, அப்புறம் டவர், மரணம், டெவில். 78 சீட்டில் மூன்று எடுத்தால் இந்தப் பத்தில் ஒன்றாவது வருவதற்கான வாய்ப்பு சுமார் 34 சதவீதம், மூன்று ரீடிங்குக்கு ஒன்று. செல்டிக் கிராஸ் மாதிரி பத்து எடுத்தால் சுமார் 77 சதவீதம். அதாவது உலகிலேயே சந்தோஷமான ஜோடி உட்கார்ந்து பத்துச் சீட்டு எடுத்தாலும் நான்கு தடவையில் மூன்று தடவை ஏதாவது ஒரு பூதம் வரத்தான் செய்யும். அது இல்லாத ரீடிங்தான் அதிசயம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கே அந்தச் சீட்டுகளின் மேல் இருந்த பயம் பெரும்பாலும் போய்விட்டது, புத்தகங்கள் சொன்ன எந்தச் சமாதானத்தாலும் போகாதது.

பயம் போகாதவர்கள் செய்வது இரண்டு. ஒன்று, நல்லது வரும்வரை மறுபடி மறுபடி எடுப்பது. கிளாரிஃபையர் என்று ஒரு பழக்கம் இருக்கிறது, புரியாத சீட்டுக்கு விளக்கமாக இன்னொன்று எடுப்பது. ஒன்று எடுத்தால் சரி. அதற்கு ஒன்று, அதற்கும் ஒன்று என்று போனால் மேசையில் அரைக் கட்டு கிடக்கும், மேலே சொன்ன கணக்குப்படி இன்னும் நாலு கடுமையான சீட்டு கூடுதலாக வந்திருக்கும். ஆகவே சீட்டைக் கலைக்கும் முன்பே எத்தனை சீட்டு, எந்த இடத்துக்கு என்ன பெயர் என்று எழுதிவிடுவது நல்லது. எழுதியதைத் தாண்டி எடுக்கத் தோன்றினால் கேள்வி சீட்டை விட்டு நகர்ந்து பதற்றத்துக்குப் போய்விட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது, சீட்டுக்குத் தகுந்த மாதிரி வாழ ஆரம்பிப்பது. இதுதான் ஆபத்து. அந்த ரீடிங்குக்கும் எனக்கு போன் செய்ததற்கும் இடைப்பட்ட நாட்களில் அவள் என்ன செய்தாள் என்று கேட்டேன். அவன் கடைசியாக ஆன்லைனில் இருந்த நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அவன் அனுப்பிய நீளமான செய்திகளுக்கு "ம்" என்று பதில். வீடியோ அழைப்பில் பின்னால் ஒரு பெண்குரல் கேட்டதற்கு ஒரு சண்டை, அது அவனோடு அதே வீட்டில் வாடகைக்கு இருக்கிற ஒருவரின் மனைவி. அவன் விடுவதற்கு முன்னால் தானே விட்டுவிட வேண்டும் என்று செய்திகூடத் தட்டச்சு செய்து வைத்திருந்தாள், அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் அது பலித்துவிட்டது என்றுதானே எல்லோரும் சொல்லியிருப்போம். அந்த ரீடருக்கு ஒரு ஐந்து நட்சத்திர மதிப்புரை வேறு கிடைத்திருக்கும்.

கேள்வியை மாற்றினால்

அவள் கேட்டிருந்த கேள்வி, "அவன் என்னை விட்டுப் போய்விடுவானா?" இப்படிக் கேட்டால் எந்தச் சீட்டு வந்தாலும் ஆம் அல்லது இல்லை என்று அதைப் பிழிந்து எடுக்கத்தான் தோன்றும். அவன் மனதில் இருப்பதை ஒரு அட்டை சொல்லும் என்று எதிர்பார்ப்பதும் எனக்கு ஒப்பவில்லை, அவன் ஒரு போன் தூரத்தில் இருக்கிறான். அதே சீட்டை வைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் மாற்றிப் பார்த்தோம்: எங்களுக்கு நடுவில் எது வலிக்கிறது, அதில் நான் இந்த வாரம் செய்யக்கூடியது எது? மூன்று வாளுக்கும் பெயர் வைக்கச் சொன்னேன். ஒன்று, ஒப்பந்தத்தை அவன் மறைத்தது. இரண்டு, தெரிந்தும் அவள் கேட்காதது. மூன்றாவதற்கு நேரம் எடுத்தது. கல்யாணத்துக்குப் பிறகு எந்த ஊர் என்று இருவருமே ஒருமுறைகூடப் பேசியதில்லை. கடைசியில் அந்த மூன்றாவதுதான் பெரிய வாளாக இருந்தது.

இந்த மாதிரிப் பெயர் வைப்பதில் ஒரு எல்லை உண்டு. உறவில் அடி, மிரட்டல், போனைப் பிடுங்கி வைப்பது மாதிரி ஏதாவது இருந்தால் சீட்டுக் கட்டைத் திறக்கவே கூடாது. மிக நல்ல சீட்டான சன் வந்தாலும் அங்கே இருக்கக் கூடாது, அதற்கு ரீடிங் தேவையில்லை. கட்டைத் திறந்து பார்க்கலாம் என்பதெல்லாம் பேசினால் கேட்கக்கூடிய ஒரு மனிதர் எதிரில் இருக்கும்போதுதான்.

அவள் முதல் இரண்டு வாளைப் பற்றி அந்த ஞாயிற்றுக்கிழமையே பேசிவிட்டாள். அவன் தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டான், சொன்னால் அழுவாள் என்று பயந்து சொல்லாமல் விட்டானாம். அழுதாள்தான். அப்புறம் இருவரும் சகஜமானார்கள், அவன் விடுமுறைக்கு வந்தான், இருவரும் வால்பாறை போனார்கள், எனக்குப் படங்கள் எல்லாம் வந்தன. மூன்றாவதைப் பேச ஆரம்பித்தபோதுதான் சிக்கல். அவள் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அவளால் ஊரை விட்டுப் போக முடியாது, அவனுக்குத் திரும்பி வர விருப்பமில்லை. ஒரு வருடத்துக்கும் மேல் பேசிப் பார்த்துவிட்டுப் பிரிந்துவிட்டார்கள். துரோகம் இல்லை, மூன்றாவது ஆள் இல்லை.

எங்கள் இருவருக்கும் பொதுவான ஒரு தோழி இதைக் கேட்டதும் சொன்னாள், "பார்த்தியா, அந்தச் சீட்டு சொன்னது சரியாத்தான் போச்சு." எனக்கு எரிச்சல் வந்தது. காலக்கெடு இல்லாத சீட்டு தோற்கவே தோற்காது. அடுத்த வாரம் பிரிந்தாலும் பலித்தது, ஒன்றரை வருடம் கழித்துப் பிரிந்தாலும் பலித்தது, கல்யாணமாகி பத்தாவது வருடம் ஒரு பெரிய சண்டை வந்தாலும் அன்றைக்கே சீட்டு சொன்னதே என்பார்கள். பலித்ததா என்று நேர்மையாகப் பார்க்க வேண்டுமென்றால், என்ன நடந்தால் பலித்தது, எந்தத் தேதிக்குள் என்று சீட்டு எடுத்த அன்றே எழுதி வைக்க வேண்டும். அந்த ரீடர் சொன்னதை எழுதி வைத்திருந்தால், மூன்றாவது ஆள் என்ற வரிக்கு எதிரே இல்லை என்றுதான் வந்திருக்கும்.

இதையெல்லாம் நான் அந்தத் தோழியிடம் நீட்டி முழக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த அந்தக் கோயம்புத்தூர்ப் பெண்ணே குறுக்கே வந்தாள். அவளும் அந்தப் பையனும் பழக ஆரம்பித்த புதிதில் விளையாட்டாக எடுத்த ஒற்றைச் சீட்டு கோப்பை பத்து. வானவில், கணவன் மனைவி, ஆடும் குழந்தைகள், டாரட்டில் காதலுக்கு அதற்கு மேல் நல்ல சீட்டு கிடையாது. "அது பலிக்கலையேன்னு யாரும் கேட்கலையே அக்கா" என்றாள். தோழிக்குப் பதில் வரவில்லை, எனக்கும்தான்.